வைகாசியில் வந்த பணம், பங்குனியில் கட்டும் வரி: தனியாகத் தொழில் செய்யும் மேக்கப் கலைஞர்களுக்கு

கல்யாண மேக்கப் செய்கிறவர்களுக்கு இரண்டு காலண்டர். ஒன்று சுவரில் தொங்குகிற தினசரி காலண்டர். வைகாசி, ஆவணி, தை என்று முகூர்த்த நாள் நிறைந்த மாதங்களில் தூங்க நேரம் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் போன் அடிக்காது. இன்னொன்று வருமான வரித் துறையின் காலண்டர். வரித் தவணை கட்ட ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று நான்கே தேதிகள். அதற்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று எப்படிப் பொருத்துவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பார்லரில் சம்பளத்துக்கு இருந்தவரை இதை நான் யோசித்ததே இல்லை. தனியாக வந்த பிறகு நன்றாக ஓடிய ஒரு வருடத்தில் ரிட்டர்ன் போட ஆடிட்டரிடம் போனேன். வரி, வட்டி எல்லாம் சேர்த்து ஒரு தொகையை எழுதிக் காட்டினார். அது ஆடி மாதம். கையில் இருந்ததெல்லாம் ஏர்பிரஷ் மெஷினாகவும் நகை செட்டாகவும் அலமாரியில் உட்கார்ந்திருந்தது. வளையலை அடகு வைத்துத்தான் கட்டினேன். தவறு யாருடையதும் இல்லை, என்னுடையதுதான். வந்த பணம் முழுக்க என் பணம் என்று நினைத்துவிட்டேன்.

முதலில், உங்களுக்கு வரி வருமா என்று பாருங்கள்

இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் லாபம் 12 லட்சம் ரூபாய் வரை இருந்தால், தள்ளுபடி போக வரி பூஜ்யம். லாபம் என்றால் வாங்கிய கூலி மொத்தமும் அல்ல, தொழில் செலவு போக மிச்சம். வங்கி எஃப்டி வட்டி, வீட்டு வாடகை மாதிரி வேறு வருமானம் இருந்தால் அதுவும் இதோடு சேரும். சம்பளக்காரர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கிற 75,000 ரூபாய் நிலைக்கழிவு நமக்குக் கிடையாது. "பன்னிரண்டே முக்கால் லட்சம் வரை வரி இல்லையாமே" என்று அண்ணன் சொன்னால், அது அவருக்கு.

வரி பூஜ்யம் என்பதால் ரிட்டர்ன் வேண்டாம் என்று ஆகாது. 4 லட்சத்தைத் தாண்டினாலே ரிட்டர்ன் போட வேண்டும்.

தள்ளுபடிக்கு அப்பால் போனால் அடுக்கு இப்படி: முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10, 12-லிருந்து 16 லட்சம் வரை 15 சதவீதம். அதற்கு மேலும் அடுக்குகள் உண்டு. வருகிற வரியின் மேல் செஸ் என்ற கூடுதல் வரி 4 சதவீதம். பிப்ரவரி பட்ஜெட்டில் இந்த அடுக்குகள் மாறலாம் என்பதால், ஏப்ரலில் புதுக் கணக்கு தொடங்கும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

12 லட்சத்தின் விளிம்பில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒருத்தி வருடம் முழுக்க 15.5 லட்சம் வாங்குகிறாள், செலவு 3.6 லட்சம்; லாபம் 11.9 லட்சம். வரி ஒன்றுமில்லை. மார்ச் மாதம் ஒரு பெரிய கல்யாணம் வருகிறது, செலவு போக 50,000 மிச்சம். லாபம் இப்போது 12.4 லட்சம். அடுக்குப்படி 66,000 வரி வர வேண்டும். ஆனால் 12 லட்சத்துக்கு மேல் போன தொகையைவிட வரி அதிகமாகக் கூடாது என்று சட்டத்தில் ஒரு சலுகை இருப்பதால் அது 40,000-ஆகக் குறைகிறது. செஸ் சேர்த்து 41,600. ஐம்பதாயிரம் சம்பாதித்ததில் கையில் நின்றது 8,400 மட்டும்! லாபம் சுமார் 12.7 லட்சம் ஆகிற வரை இதே நிலைதான். 12-க்கு மேல் வருகிற ஒவ்வொரு ரூபாயும் அப்படியே வரிக்குப் போகும்.

அதற்காக அந்தக் கல்யாணத்தை விட்டுவிடு என்று சொல்ல மாட்டேன். அந்தக் குடும்பத்தில் தங்கைக்கும் நாளை கல்யாணம் நடக்கும். பிப்ரவரி முடியும்போது லாபம் 11 லட்சத்தைத் தொட்டிருந்தால், எழுதாமல் விட்ட செலவு ரசீதுகளைத் தேடி எடுங்கள். மார்ச்சில் வருகிற பணத்தைத் தொடாமல் வையுங்கள்.

"8 சதவீதம் காட்டினால் போதும்" என்கிற பேச்சு

மேக்கப் கலைஞர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வாரம் ஒருமுறையாவது இது வரும். 2026 மார்ச் வரை சம்பாதித்ததற்குப் பொருந்துகிற பழைய வருமான வரிச் சட்டத்தில் 44ஏடி என்ற பிரிவு உண்டு. 2 கோடி வரை வரவுள்ள சிறு வணிகர்கள் கணக்குப் புத்தகம் எழுதாமல், வரவில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். வங்கி, யுபிஐ வழியாக வந்த வரவுக்கு 6 சதவீதம். டாக்டர், வக்கீல், இன்டீரியர் டெக்கரேட்டர் போன்றோருக்கு 44ஏடிஏ என்று வேறொரு பிரிவு. அவர்கள் பாதியை லாபமாகக் காட்ட வேண்டும். அந்தப் பட்டியலில் சினிமாக் கலைஞர்களும் உண்டு. நடிகர், எடிட்டர், பாடகர், உடை வடிவமைப்பாளர் வரை வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். மேக்கப் போடுகிறவரைக் காணோம். கோடம்பாக்கத்தில் முகத்துக்கு இருக்கிற மதிப்பை நினைத்தால் எனக்கு இது இன்றும் வேடிக்கைதான்.

44ஏடி நமக்குப் பொருந்துமா? ஆள் வைத்து, இடம் வைத்து, பொருளும் விற்கிற பார்லருக்குப் பொருந்தும் என்பதில் பெரிய சண்டை இல்லை. தன் கைத்திறனை மட்டும் வைத்துத் தனியாகச் செய்கிறவரை வணிகர் என்பதா, தொழில்முறையாளர் என்பதா என்பதில் ஆடிட்டர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. சட்டமும் 8 சதவீதம் "அல்லது அதற்கு மேல்" என்றுதான் சொல்கிறது. நூறு ரூபாய் வாங்கினால் எழுபதுக்கு மேல் மிச்சமாகிற தொழில் நம்முடையது. எட்டு ரூபாய்தான் லாபம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதே வருடம் கார் வாங்கினால், யாராவது கேட்கும்போது பதில் வேண்டும். வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கியும் அந்த எட்டு ரூபாயைத்தான் பார்க்கும். அதனால் நான் உண்மையான வரவு செலவு எழுதி, அதன்படியே கட்டுகிறேன். கீழே வருகிற கணக்கும் அந்த வழியில்தான்.

உங்கள் ஆடிட்டர் தீர யோசித்து 44ஏடி சரி என்றால், ஒரு வேறுபாடு ஞாபகம் இருக்கட்டும். அந்தப் பிரிவில் கட்டுகிறவர்களுக்கு நான்கு தவணை கிடையாது. மார்ச் 15-க்குள் மொத்தமாக ஒரே தவணை.

எடுத்து வைக்கும் சதவீதத்தைக் கண்டுபிடிப்பது

மாதம் இவ்வளவு ரூபாய் என்று ஒதுக்குவது சம்பளக்காரர் முறை. ஜூனில் இரண்டரை லட்சமும் ஜூலையில் தொண்ணூறாயிரமும் வாங்குகிற நமக்கு அது ஆடியிலேயே உடைந்துவிடும். நமக்குத் தொகை வேண்டாம், சதவீதம் போதும். வந்தால் போகும், வராத மாதம் ஒன்றும் போகாது.

என்னிடம் நான்கு வருடம் உதவியாக இருந்து, பிறகு தனியாகப் போன ஒரு தங்கை அம்பத்தூரில் இருக்கிறாள். 2025-26-க்கு அவளோடு உட்கார்ந்து போட்ட கணக்கு இது. கைவசம் இருந்த புக்கிங்கையும் முந்தின வருட வங்கிக் கணக்கையும் வைத்து, வருட வரவு 19 லட்சம் என்று எடுத்துக்கொண்டோம். செலவில் ஹேர் ஸ்டைலிஸ்டுக்கும் புடவை கட்டிவிடுகிற பெண்ணுக்கும் 1.9 லட்சம், பொருட்கள் 1.3 லட்சம், விடியற்காலை மூன்று மணிக்கு மண்டபத்துக்குப் போகிற டாக்சிகள் 80,000, போன், இன்ஸ்டாகிராம் விளம்பரம், மற்றவை 60,000. ஆக 4.6 லட்சம். லாபம் 14.4 லட்சம்.

வரி: 4-லிருந்து 8 லட்சத்துக்கு 20,000. 8-லிருந்து 12-க்கு 40,000. மீதி 2.4 லட்சத்துக்கு 15 சதவீதம், அதாவது 36,000. கூட்டினால் 96,000. செஸ் 3,840. மொத்தம் 99,840 ரூபாய்.

இதை லாபத்தால் வகுக்காதீர்கள். வரவால் வகுங்கள், அதாவது 19 லட்சத்தால். ஏனென்றால் பணம் வருகிற நிமிடத்தில் உங்களுக்குத் தெரிவது வரவு மட்டும்தான். அந்தக் கல்யாணத்தின் செலவு இரண்டு வாரம் கழித்துத்தான் முழுதாகத் தெரியும். வகுத்தால் 5.25 சதவீதம். கொஞ்சம் கூட்டி 6 என்று வைத்துக்கொண்டோம். ஒரு முகூர்த்தத்துக்கு 35,000 வாங்கினால் 2,100 ரூபாய் தனியே போகும். அவ்வளவுதான். ஆடியில் என் வளையலை அடகுக்கு அனுப்பியது, எடுத்து வைக்காமல் விட்ட இந்த மாதிரி 2,100-கள்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 6 சதவீதம் என்பது சராசரி. சீசன் எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடி வரவு 19 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பணத்துக்கு இந்தச் சராசரி போதாது. கடைசி அடுக்கில் அவளுக்குச் செஸ்ஸோடு 15.6 சதவீதம். கூடுதலாக ஒரு லட்சம் வந்து, செலவு போக 75,000 நின்றால், அதற்கு வரி 11,700. ஆறு சதவீதம் எடுத்து வைத்திருந்தால் 6,000 தான் இருக்கும். அதனால் போட்ட மதிப்பீட்டைத் தாண்டுகிற நாளிலிருந்து 12 சதவீதம் என்று பேசிக்கொண்டோம். நல்ல வருடத்தில்தான் வரி கட்டப் பணம் இல்லாமல் போகிறது என்று நிறையப் பேர் புலம்புவது இதனால்தான்.

(வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேறு வரும். அது தனிக் கதை. வாடிக்கையாளரிடம் வாங்குகிற ஜிஎஸ்டியை இந்தக் கணக்கில் கலக்கவே கூடாது.)

முதல் வருடக்காரருக்கு முந்தின வருடக் கணக்கு இருக்காது. லாபம் 12 லட்சத்தைத் தொடுமா தொடாதா என்றே தெரியாது. நான் சொல்வது: செப்டம்பர் வரை கண்ணை மூடிக்கொண்டு 5 சதவீதம் எடுத்து வையுங்கள். ஆவணி முகூர்த்தங்கள் முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். வரி வராது என்று தெரிந்தால் அந்தப் பணம் மார்கழி மாத வாடகைக்கு ஆகும்.

பணம் வருகிற இடத்திலேயே பிரிப்பது

இதற்கென்று ஒரு தனி சேமிப்புக் கணக்கு திறங்கள். ஏற்கனவே இருக்கிற வங்கியிலேயே இரண்டாவது கணக்காக இருந்தால் மாற்றுவது எளிது. அதை எந்த யுபிஐ செயலியிலும் இணைக்காதீர்கள். டெபிட் கார்டைக் கைப்பையில் வைக்காதீர்கள். தி.நகரில் ஒரு டெம்பிள் நகை செட்டைப் பார்த்துவிட்டு "இது வரிப் பணம்" என்று கையைக் கட்டிக்கொள்கிற உறுதி எனக்கு இருந்ததில்லை. கணக்கு எட்டாத தூரத்தில் இருந்ததால்தான் தப்பித்தேன்.

யுபிஐயில் வருகிற பணத்துக்கு அன்று இரவே 6 சதவீதத்தை மாற்றிவிடலாம். சிக்கல் ரொக்கம். தாலி கட்டி முடிந்ததும் பெண்ணின் அம்மா மொய்க் கவரில் வைத்து நீட்டுவார். அது பைக்குள் போய், வழியில் டாக்சி, டிபன், பூக்காரர் என்று கரைந்துவிடும். நான் வைத்திருக்கிற விதி: கவரை மண்டபத்தில் எண்ணி, நோட்டில் எழுதி, மறுநாள் முழுத் தொகையையும் தொழில் கணக்கில் போட்டுவிட்டுத்தான் செலவுக்கு எடுப்பது. ரொக்கம் வரிக்குக் கணக்கில்லை என்று யாராவது சொன்னால், அந்தப் பெண்ணின் கல்யாண போட்டோவில் உங்கள் பக்கம் டேக் ஆகியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் குழப்பம் வரும். மார்ச்சில் 10,000 அட்வான்ஸ், கல்யாணம் மே மாதம். எந்த வருட வருமானம்? பணம் கைக்கு வந்த தேதியை வைத்துக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு அது மார்ச் வருமானம். வேலை முடிந்த தேதியை வைத்து எழுதுகிறவர்களுக்கு மே. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வருடா வருடம் மாற்றாமல் அதையே பின்பற்ற வேண்டும். தனி ஆளுக்கு முதல் முறை எளிது. அட்வான்ஸ் வந்தவுடன் அதிலும் 6 சதவீதம் போய்விடும்.

செலவுப் பக்கம் இரண்டு இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ஒன்று, மெஷின். ஜூனில் 40,000-க்கு ஏர்பிரஷ் வாங்கினால் 40,000-ஐயும் அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது. தேய்மானம் 15 சதவீதம், அதாவது 6,000 தான். ஜனவரியில் வாங்கினால் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டது என்று அதிலும் பாதி, 3,000. "மார்ச்சுக்குள் ஏதாவது வாங்கிப் போடு, வரி குறையும்" என்ற அறிவுரையின் கதி இதுதான்: 40,000 செலவழித்து 3,000-க்குரிய வரி, அதாவது ஐந்நூறுக்கும் குறைவு. இரண்டாவது, உதவியாளர் கூலி. ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு முழுதும் கழிக்க ஆகாது. ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டுக்கும் சேர்த்து ஹேர் ஸ்டைலிஸ்டுக்கு 12,000 ரொக்கம் கொடுக்கிற பழக்கம் இருந்தால் யுபிஐக்கு மாறுங்கள். உங்கள் சொந்தப் பட்டுப்புடவை செலவில் வராது. கேட்காதீர்கள், நானும் கேட்டுப் பார்த்தவள்தான்.

நான்கு தேதிகள்

வருட வரி, கூலி கொடுக்கிற நிறுவனம் முன்பே பிடித்துக் கட்டுகிற டிடிஎஸ் போக, 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வந்தால் அட்வான்ஸ் டேக்ஸ் கட்ட வேண்டும். பெயரில் அட்வான்ஸ் இருக்கிறதே தவிர, மணப்பெண் வீட்டு அட்வான்ஸ் மாதிரி திரும்பி வராது. ஜூன் 15-க்குள் மதிப்பிட்ட வரியில் 15 சதவீதம். செப்டம்பர் 15-க்குள் மொத்தமாக 45. டிசம்பர் 15-க்குள் 75. மார்ச் 15-க்குள் முழுதும்.

அம்பத்தூர்த் தங்கைக்கு இது எப்படி விழுந்தது என்று பாருங்கள். வரியை ஒரு லட்சம் என்று முழுதாக்கிக்கொண்டோம். ஜூன் 15 அன்று வைகாசி முடிந்திருந்தது. அதுவரை வரவு 4.75 லட்சம், வரிக் கணக்கில் 28,500. கட்ட வேண்டியது 15,000. தாராளம். செப்டம்பர் 15-க்குள் ஆடி வந்து போய்விட்டது, ஆவணியின் பெரும்பகுதியும் முடிந்தது. வரவு 8.7 லட்சம், கணக்கில் சேர்ந்தது மொத்தம் 52,200. கட்டியிருக்க வேண்டியது 45,000. டிசம்பர் 15, மார்கழிக்கு முந்தின நாள்: சேர்ந்தது 80,400, தேவை 75,000. இங்கேதான் இடைவெளி மிகக் குறைவு, ஐயாயிரத்துச் சொச்சம். தை, மாசிப் பணம் இன்னும் வரவில்லை. ஆனால் துறை முக்கால் பங்கைக் கேட்டுவிடுகிறது. நம் தொழிலில் டிசம்பர் தவணைதான் கழுத்தைப் பிடிக்கும். புரட்டாசியில் "கொஞ்சம் எடுத்துப் பிறகு போடலாம்" என்று வரிக் கணக்கைத் தொட்டவர்கள் இங்கே மாட்டுவார்கள்.

டிசம்பரில் கொஞ்சம் குறைந்தால் உலகம் இடிந்துவிடாது. குறைந்த தொகைக்கு மாதம் 1 சதவீதம் வீதம் மூன்று மாத வட்டி. பத்தாயிரம் குறைந்தால் 300 ரூபாய். கந்து வட்டிக்கு வாங்கிக் கட்டுவதைவிட இந்த வட்டியைக் கட்டிவிடலாம். முதல் இரண்டு தவணைகளில் இன்னும் சலுகை உண்டு: ஜூனில் 12 சதவீதமும் செப்டம்பரில் 36 சதவீதமும் கட்டியிருந்தாலே அந்தத் தவணைக்கு வட்டி இல்லை.

தொழில் வருமானம் முதன்முதலாக வருகிற வருடத்தில், அதை முன்கூட்டி மதிப்பிட முடியாததால் தவணை குறைந்திருந்தால், அந்தத் தவணை வட்டியே கிடையாது. ஆனால் மீதித் தவணைகளிலோ, கடைசியாக மார்ச் 31-க்குள்ளோ கட்டிவிட வேண்டும். புதிதாக வருகிறவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஒன்றுமே கட்டாமல் ஜூலையில் மொத்தமாகக் கட்டியிருந்தால் அவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்றும் போட்டுப் பார்த்தோம். தவணை தவறியதற்கு சுமார் 4,700, ஏப்ரலிலிருந்து நான்கு மாதத்துக்கு மாதம் 1 சதவீதம் என்று இன்னொரு வட்டி சுமார் 3,750. ஆக ஏறக்குறைய 8,500 ரூபாய். இந்த வட்டியைத் தொழில் செலவாகவும் எழுத முடியாது.

டிடிஎஸ் பிடித்த பணம்

மணப்பெண் வீட்டார் டிடிஎஸ் பிடிக்க மாட்டார்கள். விளம்பரப் படப்பிடிப்பு, நிறுவன நிகழ்ச்சி என்று போனால் பிடிப்பார்கள். தங்கைக்கு ஒரு விளம்பர வேலை வந்தது. கூலி 60,000, கைக்கு வந்தது 54,000. அவள் நோட்டில் 54,000 என்று எழுதியிருந்தாள். அது தவறு. வரவு 60,000 தான். 6,000 அவள் பெயரில் ஏற்கனவே கட்டிய வரி. வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் என்ற படிவத்தில் அந்த 6,000 ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறுவனம் பிடித்த தொகையை உங்கள் பான் எண்ணில் கட்டாமல் விட்டிருந்தால் அங்கே தெரியாது. அப்போது மார்ச் வரை காத்திருக்காமல் அவர்கள் கணக்குப் பிரிவைக் கேளுங்கள்.

கட்டும் முறை

incometax.gov.in தளத்தில் முதல் பக்கத்திலேயே e-Pay Tax என்று இருக்கும். பான் எண்ணையும் மொபைல் எண்ணையும் கொடுத்தால் ஓடிபி வரும். Income Tax பெட்டியைத் தேர்ந்தெடுத்து, ஆண்டையும், Advance Tax (100) என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தொகையை Tax என்ற கட்டத்தில் போட்டு, நெட் பேங்கிங் வழியாகவோ வேறு வழியிலோ கட்டலாம். உங்கள் வங்கி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கடைசி நாளில் பார்க்காதீர்கள். பார்லர் வைத்திருக்கிற ஒருவர் மார்ச் 15 இரவு பதினொன்றரைக்கு, "அக்கா, என் பேங்க் அதுல இல்ல" என்று போன் செய்தார். கணவரின் கணக்கிலிருந்து கட்டினோம். கட்டுவது யார் கணக்கிலிருந்து என்பது பரவாயில்லை. செலானில் உங்கள் பான் இருந்தால் போதும்.

ஆண்டுதான் எல்லோரையும் ஏமாற்றும். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை சம்பாதித்ததற்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. 2025-26 என்று அழுத்திவிட்டால் பணம் முந்தின வருடக் கணக்கில் போய் உட்காரும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால், அதற்குப் பிந்தைய வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு என்ற குழப்பமே இல்லை. சம்பாதித்த வருடம்தான் வரி ஆண்டு. பழையதையும் புதியதையும் கலந்து அழுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செலான் ரசீது வந்ததும் அந்த இடத்திலேயே ஆண்டைப் படியுங்கள். தவறியிருந்தால் தளத்திலேயே திருத்தக் கோரலாம், ஆனால் அதற்குத் தரும் காலம் குறைவு. ரசீதை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள்; ரிட்டர்ன் போடும்போது அதிலிருக்கிற எண் வேண்டும்.

மார்ச் 15 ஏறக்குறைய பங்குனி முதல் தேதி. பங்குனி முகூர்த்தங்கள் அதற்குப் பிறகு வரும் என்பதால், கைவசம் உள்ள புக்கிங்கையும் சேர்த்து மதிப்பிட்டுத்தான் கடைசித் தவணையைக் கட்ட வேண்டும். விட்டுப்போனதை மார்ச் 31-க்குள் கட்டினாலும் அது அட்வான்ஸ் டேக்ஸாகவே சேரும். தங்கை மார்ச்சில் கட்டியது 18,840: மொத்த வரி 99,840-இல் முன்பு கட்டிய 75,000-ஐயும் டிடிஎஸ் 6,000-ஐயும் கழித்தது. வருடம் முழுக்க 6 சதவீதம் வைத்ததில் சேர்ந்தது 1,14,000. அதில் செலவானது 93,840. மிச்சம் 20,160 ரூபாய் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அடுத்த ஜூன் தவணைக்கு வைகாசிப் பணத்தை அவள் தொட வேண்டியதில்லை.